புழுவெட்டு என்று நானேதான் சொன்னேன்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் சலூன் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. படிப்பு எட்டாவதோடு முடிந்தது. ஆனால் கழுத்துக்கு மேலே எந்த நோய் வந்தாலும் அதற்குப் பெயர் வைக்கிற உரிமை எனக்கு உண்டு என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். பொடுகு, பித்தம், சூடு, புழுவெட்டு: இந்த நான்கு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு தாலுகாவையே சமாளித்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் தலை குனிந்து, கழுத்தில் துணி கட்டி, அசையாமல் இருப்பார். எந்த டாக்டருக்கு இவ்வளவு பணிவான நோயாளி கிடைப்பார்?

எனக்குச் சக்கரை வந்து எட்டு வருஷம். அதற்கு மாத்திரை இருந்தது. உடம்பு அசதியாக இருக்கிற நாளில் போடுவேன், தெம்பாக இருக்கிற நாளில் மிச்சம் பிடிப்பேன். கடைக்கு வருகிறவர்கள் டீ சொல்லும்போது எனக்கும் சேர்த்துச் சொல்வார்கள். மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று குடித்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்கு இப்படி மரியாதை செய்திருக்கிறேன்.

கடையில் வேலை முடிந்ததும் எனக்கு நானே முடி வெட்டிக்கொள்வது வழக்கம். கடைசி ஆளுக்கு ஓட்டிய மெஷினை வாயால் ஒரு ஊது ஊதி, அதையே என் தலையிலும் ஓட்டிக்கொள்வேன். என்னுடைய சுத்தம் அந்த ஊதலோடு முடிந்துவிடும். அந்தப் பங்குனியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். அவர்களில் ஒரு பையன் தலையில் வட்டமாகச் செதில் இருந்தது. "பொடுகு" என்று தீர்ப்பு சொல்லி, வெட்டி அனுப்பிவிட்டு, அதே மெஷினை என் பின்மண்டையில் ஓட்டினேன்.

சித்திரை பாதியில், சவரத்துக்குக் காத்திருந்த சர்க்கரை ஆலைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க மண்டையில அஞ்சு ரூபா காசு சைஸுக்கு முடியே இல்லியே. இன்னா அது?"

எல்லோருக்கும் முடி வெட்டியதும் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டுகிற நான், எனக்குக் காட்டிக்கொண்டதில்லை. இரண்டு கண்ணாடியைப் பிடித்து, கழுத்தை ஒட்டகம் மாதிரி வளைத்துப் பார்த்தேன். வட்டமாக ஒரு இடம். அதில் சாம்பல் தூவின மாதிரி செதில். முடிகள் உதிரவில்லை, தோலோடு தோலாக முறிந்து கருப்புப் புள்ளிகளாக நின்றன. அரிப்பும் இருந்தது.

"புழுவெட்டுங்க" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

"அதுக்கு இன்னா பண்றது?"

"சின்ன வெங்காயமும் மிளகும் வச்சு அரைச்சு, சூடு பறக்கத் தேய்க்கணும். பத்து நாள்ல பயிர் மாதிரி முளைக்கும்."

புழுவெட்டில் தோல் வழுவழுவென்று இருக்கும், செதில் இருக்காது, பெரும்பாலும் அரிப்பும் இருக்காது. இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்தது வெங்காயம் மட்டும்தான். காலையில் ஒரு தேய், மாலையில் ஒரு தேய். எரிய எரிய, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் தோல் உரிந்தது. எட்டாம் நாள் நீர் கட்டியது. வீட்டில் சாம்பாருக்கு வெங்காயம் இல்லை என்று என் வீட்டுக்காரிதான் முதலில் சண்டைக்கு வந்தாள்.

"அதென்னா மண்டைக்கு மட்டும் தாளிப்பு? கொழம்புக்கு ஒண்ணும் காணோம்."

பிறகு மருந்துக் கடையில் போய் நின்று, "அரிப்புக்கு நல்ல ஆயின்மென்ட் ஒண்ணு குடுங்க" என்றேன். எந்த இடத்தில் அரிப்பு என்று சொல்லவில்லை. ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவிய மூன்றாவது நாளே அரிப்பும் சிவப்பும் அடங்கிவிட்டன. டியூப்புக்கு மனசுக்குள் மாலை போட்டேன். ஆனால் இரண்டு வாரத்தில் காசு சைஸ் வட்டம் ஒன்று மூன்றாகியது. முதல் வட்டத்தில் இருந்த புண் மூடவே இல்லை. காலையில் எழுந்தால் தலையணை உறை தலையோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

ஒரு சலூன்காரன் தன் தலையில் சீழோடு நின்றால் யார் உட்காருவார்கள்? உரக்கம்பெனிக்காரர் இனாமாகக் கொடுத்த தொப்பி ஒன்று இருந்தது. அதை மாட்டினேன். வைகாசி வெயிலில் தகர ஷீட் போட்ட கடைக்குள், நைலான் தொப்பிக்குள் வேர்த்து ஊறிய என் மண்டை, அங்கே வளர்ந்துகொண்டிருந்ததற்கு நல்ல நாற்றங்கால் ஆனது. இன்னும் கொஞ்சம் உரம் வேண்டுமா என்று தொப்பியில் எழுதியிருந்த விளம்பரமே கேட்பதுபோல் இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சங்கராபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்குப் பிறந்து ஒன்பது மாசமான பையன் இருந்தான். ஆடியில், பதினோராவது மாசத்தில், கல்வராயன் மலையில் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வத்துக்கு அவனுக்கு முதல் மொட்டை. என் கையால்தான் போட வேண்டும் என்பது நான் அவள் பிரசவ வார்டு வாசலிலேயே போட்ட நிபந்தனை. ஊரில் யார் யார் பிள்ளைக்கோ முதல் மொட்டை போட்டிருக்கிறேன். பேரன் தலைக்கு வேறு ஆளா?

மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரன் என் தொப்பியைப் பிடுங்கிவிட்டான். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"யப்பா, திரும்பு. திரும்புன்னு சொல்றேன்ல. இது எத்தினி நாளா?"

"சின்னப் புண்ணுமா. ஆறிக்கினு இருக்குது."

"அஞ்சு வாரமா ஆறிக்கினு இருக்குது" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "தெனம் உறை தொவைக்கிறவ நானு. எனக்குத் தெரியாதா?"

மகள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். அங்கே என் சீப்பு இருந்தது. அவள் வரும்போதெல்லாம் அந்தச் சீப்பை எடுத்துப் பிள்ளைக்கு வகிடு எடுத்து, கொண்டை போட்டு, வேடிக்கை காட்டுவது என் வேலை. அரை மணி நேரத்துக்கு முன்னால்கூடப் பண்ணியிருந்தேன். அவள் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முடியை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். உச்சிக்குப் பக்கத்தில் லேசாகச் செதில் மாதிரி ஏதோ இருந்தது.

"இது இன்னாப்பா?"

‘பொடுகு’ என்று சொல்ல வந்தவன், அதை விழுங்கிவிட்டு, சீப்பை எடுத்துப் பிள்ளைக்கு எட்டாத பரணில் வைத்தேன்.

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரியில், தோல் பிரிவு வரிசையில், நான், என் வீட்டுக்காரி, மகள், பிள்ளை, நால்வரும் நின்றோம். உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"சலூனுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இது என்னன்னு நினைச்சீங்க?"

"புழுவெட்டுங்க."

"என்ன போட்டீங்க?"

வெங்காயத்திலிருந்து தொடங்கி டியூப் வரை ஒப்புவித்தேன். மிளகைச் சொல்லவில்லை. "மொளவும் சேர்த்துக்கோங்க" என்று வீட்டுக்காரி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

முறிந்த முடி சிலதைப் பிடுங்கி, ஓரத்துச் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். வேப்பங்குச்சியின் நார் மாதிரி மெல்லிய இழைகள், கிளை கிளையாக.

"இதுதான் பூஞ்சைங்க. உங்க முடிக்குள்ளயே இருக்கு. சீப்பு, துண்டு, தலையணை, தொப்பி, மெஷின், எல்லாத்துலயும் தொத்தும். அந்த டியூப்ல அரிப்பை அடக்குற ஸ்டீராய்டு கலந்திருக்கு. அது மேலாக அமுக்கி வச்சதும் பூஞ்சை உள்ள நிம்மதியாப் பரவியிருக்கு."

விரலில் குத்திச் சக்கரை பார்த்தார்கள். முன்னூறைத் தாண்டி நின்றது. ஆனால் நான் கேட்டது சக்கரையைப் பற்றி இல்லை.

"அம்மா, நான் சவரம் பண்றப்ப எத்தனையோ பேரைக் கத்தியால கீறியிருக்கேன். ரெண்டு நாள்ல ஆறிடும். எனக்கு மட்டும் ஏன் அஞ்சு வாரம்?"

"ரத்தத்துல சக்கரை இவ்வளவு ஜாஸ்தியா இருந்தா, கிருமியை எதிர்க்குற அணுக்கள் சோம்பேறி ஆயிடும். சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல ஓட்டமும் கம்மியாயிடும். புண்ணுக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேராது. பூஞ்சை சுலபமா உக்காரும், புண்ணு லேசுல மூடாது. நீங்க வெங்காயம் வச்சுத் தேய்ச்சுக் கதவையும் தொறந்து விட்டீங்க. அதுல வேற கிருமியும் சேர்ந்து சீழ் வச்சிருக்கு."

பிறகு பிள்ளையை மடியில் வாங்கினார். செதிலைப் பார்த்தார், விளக்கை வைத்துப் பார்த்தார், அவன் கத்தக் கத்தக் கொஞ்சம் சுரண்டி எடுத்தார். அந்தக் கண்ணாடித் துண்டு மைக்ராஸ்கோப்புக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து நிமிஷமோ கால் மணியோ. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை எல்லாம் இரண்டு தடவை படித்தேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டரம்மா. "சாதாரணச் செதில்தான். ஆனா ரெண்டு வாரம் பார்த்துக்கினே இருங்க. அரிப்போ முடி முறியறதோ தெரிஞ்சா உடனே வாங்க."

அப்போதுதான் மகள் பேசினாள். "மேடம், ஆடியில இவனுக்கு மொட்டை. எங்கப்பாதான் போடணும்னு நிக்கிறாரு."

"பூஞ்சை போச்சுன்னு நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் அவர் பொருள் எதுவும் பிள்ளை மேல படக்கூடாது. தாத்தா ஒழுங்கா இருந்தா ஆடிக்குள்ள முடியலாம். அதை அவர்தான் சொல்லணும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகூடப் பார்த்தான்.

மேலே தடவுகிற மருந்து முடியின் வேருக்குள் போகாதாம். அதனால் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு, ஆறு வாரம் தினமும் மாத்திரை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மருந்து ஷாம்பு, அதை ஐந்து நிமிஷம் ஊறவிட்டு அலச வேண்டும். அது அடுத்தவருக்குத் தொற்றுவதைக் குறைக்கும், ஆனால் அது மட்டும் போட்டால் குணமாகாது. சீழுக்குத் தனி மாத்திரை. சக்கரைக்கு, பக்கத்து அறை டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, "தெம்பா இருந்தாலும் போடணும்" என்றார். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியை அவள் இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டாள். என் துண்டு, என் தலையணை உறை, என் சீப்பு எல்லாம் தனியாகப் பிரிந்தன. உறையும் துண்டும் வெந்நீரில் ஊறி வெயிலில் காய்ந்தன. கடைக்கு, தினமும் துவைத்த பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் மெஷின் பல்லைக் கழற்றி, முடியைப் பிரஷ்ஷால் தட்டி, கழுவித் துடைத்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஊதல் ஒழிந்தது. சீப்புகள் ஒரு டஜன் ஆயின, துண்டு ஆளுக்கு ஒன்று.

"இன்னாண்ணே, சலூனுக்கு வந்தனா ஆபரேஷனுக்கு வந்தனா?" என்றார் ஆலைக்காரர்.

"ஆபரேஷன்தான். பேசாம படுங்க."

"புழுவெட்டு இன்னா ஆச்சு?"

"அது புழுவெட்டு இல்லீங்க. எனக்கு ஒரு எழவும் தெரியலீங்க."

இருபத்தாறு வருஷத்தில் கடையில் நான் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவர், "அப்ப என் தம்பி மவன் தலையில இருக்கறதையும் ஆஸ்பத்திரியில காட்டச் சொல்றேன்" என்றார். செதிலோடு வந்த பள்ளிக்கூடப் பையனின் அப்பாவைத் தேடிப் பிடித்து, நானே சொல்லி அனுப்பிவைத்தேன்.

சாப்பாட்டில்தான் நான் வழுக்கினேன். மலையிலிருந்து சாமையும் தினையும் வாங்கி வந்தேன். சிறுதானியத்தில் சக்கரையே இல்லை என்று எவனோ கடையில் சொன்னதை நம்பி, சாமைச் சோறு மூன்று தட்டு, மேலே தினை மாவு உருண்டை வெல்லம் போட்டு. இரண்டு வாரம் கழித்து விரலில் குத்தினால் எண் இறங்கவே இல்லை.

"சாமையா இருந்தாலும் சோறு சோறுதாங்க" என்றார் சக்கரை டாக்டர். "அரிசியை விட மெதுவா ஏறும், அவ்வளவுதான். மூணு தட்டு சாப்பிட்டா மூணு தட்டும் ஏறும்."

ஒரு தட்டு ஆனது. பாதித் தட்டுக்குக் கீரையும் அவரைக்காயும் வந்து உட்கார்ந்தன. வெல்ல உருண்டை அண்டை வீட்டுக்குப் போனது. டீ சொல்கிறவர்களிடம், "சக்கரை போடாம சொல்லுங்க" என்றேன். மரியாதை ஒன்றும் குறையவில்லை, ஆனால் டீயின் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. காலையில் கடையைத் திறக்கும் முன் முக்கால் மணி நேரம் நடந்தேன். நடந்து வந்ததும் தலையை அலசி, ஈரம் போகத் துவட்டிக் காயவைத்த பிறகுதான் துணி கட்டுவேன். முன்பெல்லாம் ஈரத் தலையிலேயே எண்ணெயைக் கொட்டி மெழுகிவிடுவேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்காரி என் தலையையும், அதோடு பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பாள். சக்கரைக்காரனுக்குக் காலில் படுகிற கீறல் தெரியாமலே போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் அவள் என்னை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"இன்னா தெரியுது?"

"அழுக்கு தெரியுது. பேசாம காலை நீட்டு."

ஆறு வாரம் முடிந்தபோது சீழ் போய், புண் மூடி, இளம் சிவப்பில் புதுத் தோல் வந்திருந்தது. சக்கரை பாதிக்குப் பக்கமாக இறங்கியிருந்தது. மொட்டைக்கு நாலு நாள்தான் இருந்தது. துள்ளிக்கொண்டு போய் டாக்டரம்மா முன் குனிந்தேன். சுரண்டி எடுத்துப் பார்த்தார். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"இன்னும் ரெண்டு மூணு இழை இருக்கு. நல்லாக் குறைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் மாத்திரை போடுங்க."

கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று இழை. தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனால் யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதைத்தான் யோசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பிறகு மகளுக்குப் போன் போட்டேன்.

"எம்மா, எனக்கு இன்னும் முழுசாப் போகல. நான் போட மாட்டேன். அங்க வர்ற ஆளை வச்சுப் போட்டுருங்க. புது பிளேடு போடச் சொல்லு. கத்தியைக் கழுவித் துடைச்சுட்டு வைக்கச் சொல்லு. நான் தள்ளி நின்னு பார்த்துக்கறேன்."

எப்போதும் நான் சொல்லும் எதிலும் ஒரு ஜோக் ஒளிந்திருக்கும் என்று பழகியவள், அதைத் தேடிக்கொண்டிருந்தாள் போல.

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாத்தான்."

"எங்க மாமியார்கிட்ட பேசறேன், இரு" என்றவள் கால் மணியில் திரும்ப அழைத்தாள். "கடைசி ஆடி வெள்ளிக்கு மாத்தியாச்சு. அவங்கதான் சொன்னாங்க, முடி இன்னும் ரெண்டு வாரம் தலையில இருந்தா அதுக்கின்னா சோறா போடப் போறோம்னு. நீ மாத்திரையைப் போடு."

அந்த இரண்டு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று என் வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்வாள். பரீட்சைக்குப் படிக்காத நான், ஐம்பத்து மூன்று வயசில் பரீட்சைக்குப் படித்தேன். கடைசி வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை கண்ணாடித் துண்டில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா என்னையும் பார்க்கச் சொன்னார். வெறும் வட்ட வெளிச்சம். இழை இருந்த இடங்களில் என் முடிதான் கிடந்தது.

"அந்த இடத்துல கொஞ்சம் முடி வராமலும் போகலாம். தழும்பு விழுந்திருக்கு" என்றார். "சக்கரை ஏறினா திரும்ப வரலாம். மாத்திரையை நிறுத்திடாதீங்க."

"நிறுத்துனா எங்க வீட்டுல என்னை நிறுத்திடுவாங்கம்மா."

வெள்ளிக்கிழமை காலை மலையேறும் பஸ்ஸில் போனோம். வளைவுக்கு வளைவு குளிர்ந்துகொண்டே போனது. மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டிச் சாமி. மூன்று கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தார்கள். நான் ஒரு தனிப்பாத்திரத்தில் கத்திப்பிடியைக் கொதிக்கவைத்தேன். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க சம்பந்தி, கத்தியைக் குழம்பு வைக்கிறீங்களா?"

"ஆமாங்க. வெங்காயம் மட்டும் போடல."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுப் பிளேடைப் பிரித்து மாட்டினேன். இதற்காகவே வெளியூரிலிருந்து வந்திருந்த என் மகன், தாய்மாமன் முறைக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான், பிளேடைப் பார்த்து அழுதான், பிறகு ஒரு வாழைப்பழத்தைப் பார்த்துச் சமாதானமானான். தண்ணீர் தொட்டு நனைத்து, உச்சியிலிருந்து முன்நெற்றிக்கு முதல் இழுப்பு. நிறுத்தி, பிளேடைத் துடைத்து, மறுபடி தொடங்கினேன். காதோரம், பிடரி, சுழி. ஒரு கீறல்கூட விழவில்லை.

முடித்ததும் என் மகள் வந்து, பிள்ளையின் தலையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் குனியச் சொல்லி என் தலையையும் பார்த்தாள்.

"ரெண்டும் சுத்தமா இருக்குது" என்றாள். பிள்ளையைத் தூக்கி, இன்னும் சந்தனம் பூசாத அந்த ஈரத் தலையோடு என் கையில் கொடுத்தாள்.